தேர்வு டூட்டில இருக்கும்போது ஆட்டோ ரிப்ளைல எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

கேள்வி: வணக்கம் சார். நான் உதவிபெறும் பள்ளி ஒண்ணுல மேல்நிலை வகுப்பு ஆசிரியை. மார்ச்ல ஹால் டூட்டி, ஏப்ரல்ல விடைத்தாள் திருத்தற முகாம்னு வருஷா வருஷம் ஒரு மாசம் ஸ்கூல் பக்கமே சரியா வர முடியாது. போன வருஷம் ஸ்கூல் ஜிமெயில்ல ஆட்டோ ரிப்ளை போட்டேன். "நான் இன்ன ஊர், இன்ன பள்ளியில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருக்கிறேன், 13ஆம் தேதி திரும்புவேன், அவசரமென்றால் என் செல்லுக்கோ இந்த ஆசிரியருக்கோ அழைக்கவும்"னு. முன்னப்பின்ன தெரியாதவங்கல்லாம் போன் பண்ணி மார்க் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பயத்துல இந்த வருஷம் யாருக்குப் போகணும்ங்கற இடத்துல ரெண்டு பெட்டியையும் டிக் பண்ணிட்டு தங்கச்சியை ஒரு மெயில் அனுப்பச் சொன்னேன், பதிலே போகல. என்ன எழுதணும், எப்படி செட் பண்ணணும்?

பதில்: வணக்கம் டீச்சர். உங்க லெட்டர்ல இருந்த ஊர் பேரு, பள்ளி பேரு, பாடம் மூணையும் எடுத்துட்டுத்தான் மேல போட்டிருக்கேன். ஏன்னா உங்க ஆட்டோ ரிப்ளைல இருந்தும் முதல்ல எடுக்க வேண்டியது அதே மூணுதான்.

ஆட்டோ ரிப்ளைங்கறது நம்ம வீட்டு வாசல்ல தொங்கவிடற போர்டு மாதிரி, யார் வந்து நின்னாலும் அதைப் படிச்சுட்டுத்தான் போவாங்க. உங்க வகுப்புப் பெற்றோருக்குன்னு நினைச்சு எழுதுனீங்க, ஆனா உங்க ஸ்கூல் மெயில் ஐடி தெரிஞ்ச டியூஷன் சென்டர்காரர், புக் விக்கற கம்பெனி, வேற ஊர்ல இருக்கற ஒரு மாணவனோட மாமா, இவங்க யார் ஒரு வரி மெயில் போட்டாலும் இந்த டீச்சர் திருத்தற முகாம்ல இருக்காங்க, இந்த ஊர், இந்தப் பள்ளி, இந்தத் தேதி வரைக்கும், இதுதான் செல் நம்பர்னு மொத்தமும் அவங்க கைக்குப் போயிடும். நீங்க எழுதுனதுல ஒண்ணுகூட பொய் கிடையாது, ஒவ்வொண்ணும் தனித்தனியா பார்த்தா பெரிய விஷயமும் கிடையாது, ஆனா முகாம் எங்க, ஆள் யாரு, எப்படிப் பிடிக்கறது இந்த மூணும் ஒரே மெயில்ல சேர்ந்து போகக்கூடாது.

திருத்தறவங்க கைக்கு வர்ற விடைத்தாள்ல பேரும் பதிவெண்ணும் இருக்காது, டம்மி நம்பர்தான் இருக்கும், அதனால யாரோட பேப்பர்னு உங்களுக்கே தெரியாது. இது உங்களுக்குத் தெரியும், முகாம்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும், ஆனா போன் பண்றவருக்குத் தெரியாது. அவர் கேட்டுப் பார்ப்பார், நீங்க முடியாதுன்னு சொல்லி வச்சுடுவீங்க, அதோட முடிஞ்சா பரவால்ல. நாளைக்கு யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டா, அந்த நம்பர்ல இருந்து உங்களுக்கு வந்த கால் எதுக்குன்னு முகாம் அலுவலருக்கு விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கதான். அதனால உதவித் தேர்வாளரா, கூர்ந்தாய்வு அலுவலரா, முதன்மைத் தேர்வாளரா, எந்தப் பொறுப்புன்னும் எழுதாதீங்க. "தேர்வுப் பணி" அப்படிங்கற ஒரு வார்த்தை போதும். மார்ச் ஏப்ரல்ல டீச்சர் தேர்வுப் பணில இருக்காங்கன்னா யாருக்கும் அதுல புதுசா எந்தத் தகவலும் இல்ல, ஹால் டூட்டியா முகாமான்னும் அதுல இருந்து தெரியாது. நீங்க திடீர்னு ஏன் பதில் சொல்லலைங்கறதுக்கும் அது காரணமாயிடுது.

அடுத்தது "இந்த ஆசிரியருக்கு அழைக்கவும்"னு போட்டது. இது மத்த ஆபீஸ்ல எல்லாம் சரியா வரும், அங்க ஒருத்தர் லீவ்னா பக்கத்து சீட்காரர் இருப்பார். தேர்வு நேரத்துல ஸ்கூல்ல பக்கத்து சீட்டும் காலியாத்தான் இருக்கும். நான் மெயில் கணக்குகளைப் பார்த்துக்கிட்ட ஒரு பள்ளில நடந்ததைச் சொல்றேன். கணக்கு சார் அவரோட ஆட்டோ ரிப்ளைல பிசிக்ஸ் மேடத்தைக் கேளுங்கன்னு போட்டார், மேடம் அவங்க ரிப்ளைல கணக்கு சாரைக் கேளுங்கன்னு போட்டாங்க, ரெண்டு பேரும் ஒரே வாரத்துல வேற வேற சென்டர்ல ஹால் டூட்டி. ஒரு அம்மா தன் பையனோட ஹால் டிக்கெட்ல இனிஷியல் தப்பா இருக்குன்னு முதல்ல சாருக்கு எழுதி, பதில் பார்த்துட்டு மேடத்துக்கு எழுதி, மறுபடி சாருக்கே எழுதியிருக்காங்க. மூணாவது மெயிலுக்கு ஆட்டோ ரிப்ளைகூட போகல, ஏன்னு கீழ சொல்றேன். அந்த அம்மா மூணு நாள் வீட்ல உட்கார்ந்து பதிலுக்காகக் காத்திருந்தாங்க. கடைசில இன்னொரு பெற்றோர் சொல்லி நேரா ஹெச்எம் ரூமுக்கு வந்தாங்க, அவர்தான் சம்பந்தப்பட்டவங்ககிட்ட பேசி வழி பண்ணாரு. அந்தப் பள்ளில எல்லாரோட ஆட்டோ ரிப்ளையையும் முன்னாடியே வாங்கி ஒரு தடவை படிச்சுப் பார்த்திருந்தா அந்த மூணு நாள் வீணாகியிருக்காது, அந்த வேலை என்னோடது, நான் செய்யல. அதுக்கப்புறம் ஒவ்வொரு பிப்ரவரியும் கேட்டு வாங்கிப் படிச்சுட்டுத்தான் விட்டேன்.

அதனால ஆள் பேரைப் போடாதீங்க, ஸ்கூல் ஆபீஸ் லேண்ட்லைனைப் போடுங்க. யார் டூட்டிக்குப் போனாலும் வேலை நேரத்துல அந்தப் போனை எடுக்க ஆபீஸ்ல ஒருத்தர் இருப்பார். ஆனா போடறதுக்கு முன்னாடி கிளார்க்கைப் பார்த்து "இந்த ஒரு மாசம் என் வகுப்புப் பெற்றோர் கூப்பிடுவாங்க சார்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க, இல்லன்னா அவர் "டீச்சர் வந்ததும் கேட்டுக்கோங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவார், அது இன்னொரு வட்டம். எது ஆபீஸுக்கு, எது உங்களுக்குன்னும் ரிப்ளைலயே பிரிச்சு எழுதிடுங்க. அந்த மாசத்துல வர்ற மெயிலை நீங்களே புரட்டிப் பாருங்க, பெரும்பாலும் மூணு வகைதான் இருக்கும். ஹால் டிக்கெட்ல பேரு, போட்டோ தப்பு, பையனுக்கு உடம்பு சரியில்ல எப்படிப் பரீட்சை எழுதறதுன்னு வர்றதெல்லாம் அன்னிக்கே பார்க்க வேண்டியது, அது ஹெச்எம் வேலை, உங்ககிட்ட வந்தா நேரம்தான் போகும். டிசி, போனஃபைட் மாதிரி சர்டிஃபிகேட் கேக்கறது ஆபீஸ் வேலை. பாடத்துல சந்தேகம், பையன் எப்படிப் படிக்கறான்ங்கறது மட்டும்தான் உங்களுக்காகக் காத்திருக்கலாம். இதுல இல்லாத நாலாவது ஒண்ணு இருக்கு, அதான் மார்க். அதுக்கு ரிப்ளைல ஒரு வரிகூட எழுத வேண்டாம். "மதிப்பெண் பற்றிக் கேட்காதீர்கள்"னு எழுதுனாலே கேட்கலாம்ங்கற நினைப்பை நாமளே உண்டாக்கற மாதிரி ஆயிடும்.

தேதி விஷயத்துல நீங்க பண்ணது எல்லாரும் பண்றதுதான். 13ஆம் தேதி வருவேன்னு போட்டீங்க, முகாம் ரெண்டு நாள் நீண்டா 14ஆம் தேதி காலைல இருந்து பெற்றோர் கணக்குல நீங்க பதில் சொல்லாத டீச்சர். ஹால் டூட்டியும் முகாமும் ஒரே மாதிரி கிடையாது, அதனால ஒரே ரிப்ளையை ஒரு மாசத்துக்கும் ஓட்டாதீங்க. ஹால் டூட்டில பரீட்சை காலைல 10 மணிக்குத் தொடங்கும், முதல் 15 நிமிஷம் வினாத்தாள் படிக்க, விவரம் நிரப்ப, அப்புறம் 1:15 வரைக்கும் எழுதறாங்க, பேப்பரை எண்ணிக் கட்டிக் கொடுத்துட்டு நீங்க வெளிய வர ரெண்டு மணி ஆயிடும். நடுவுல பரீட்சை இல்லாத நாளும் வரும். அப்போ நீங்க சாயங்காலம் மெயில் பார்க்க முடியும், அதை அப்படியே சொல்லலாம். முகாம்ல நாள் முழுக்கப் போயிடும், எப்ப முடியும்னும் நம்ம கைல இல்ல. அங்க திரும்பற தேதி போடாம, "ரெண்டு வேலை நாளுக்கு ஒரு தடவை மெயில் பார்ப்பேன்"னு உங்களால நிச்சயமா காப்பாத்த முடிஞ்சதை மட்டும் போடுங்க.

இப்ப செட்டிங். கம்ப்யூட்டர்ல ஜிமெயில் திறந்து, மேல பல்சக்கரம் மாதிரி இருக்கறதை அழுத்தி `See all settings` போங்க, `General` பக்கத்தோட கடைசில `Vacation responder` இருக்கும். `First day`, `Last day` ரெண்டும் போட இடம் இருக்கு. முதல் நாள் ராத்திரி 12 மணிக்குத் தொடங்கி கடைசி நாள் ராத்திரி 11:59க்கு அதுவா நின்னுடும். கடைசி நாள் போடலன்னா நீங்க நிறுத்தற வரைக்கும் ஓடிட்டே இருக்கும். ஜூன்ல ஸ்கூல் திறந்து அட்மிஷன் நடக்கும்போதும் டீச்சர் தேர்வுப் பணில இருக்காங்கன்னு பதில் போறதை நான் பார்த்திருக்கேன். அதனால மெசேஜ்ல தேதி இல்லன்னாலும் இந்த `Last day`ல கண்டிப்பா ஒரு தேதி போட்டு வைங்க, முகாம் நீண்டா நீட்டிக்கலாம். சீக்கிரம் முடிஞ்சா, ஓடிட்டிருக்கற வரைக்கும் ஜிமெயிலுக்கு மேல ஒரு பட்டை தெரியும், அதுல `End now` அழுத்துனா நின்னுடும்.

உங்க தங்கச்சிக்கு ஏன் போகலைன்னா, அந்த ரெண்டு பெட்டில ஒண்ணு `Only send a response to people in my Contacts`, இன்னொண்ணு உங்க பள்ளி கணக்குல இருக்கறவங்களுக்கு மட்டும்ங்கறது. ரெண்டையும் டிக் பண்ணா ரெண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்தறவங்களுக்கு மட்டும்தான் போகும், அதாவது உங்க கான்டாக்ட்ஸ்லயும் இருக்கணும், உங்க பள்ளி மெயில் ஐடியும் வச்சிருக்கணும். தங்கச்சி கான்டாக்ட்ஸ்ல இருந்தாலும் பள்ளி ஐடி கிடையாது, அதனால நின்னுடுச்சு. பெற்றோரும் எல்லாரும் சொந்த ஜிமெயில்ல இருந்துதான் எழுதுவாங்க, அவங்களுக்கும் இதே கதிதான். அப்படியே விட்டிருந்தா ஸ்டாஃப் ரூம்ல இருக்கறவங்களுக்கு மட்டும் பதில் போயிட்டிருக்கும், அவங்களுக்கு நீங்க எங்கன்னு ஏற்கனவே தெரியும்.

என் அபிப்ராயம், ஹால் டூட்டி நாட்கள்ல ரெண்டு பெட்டியையும் டிக் பண்ணாம விடுங்க, எழுதுனதுல ரகசியம் எதுவும் இல்லன்னா யாருக்குப் போனாலும் நஷ்டம் இல்ல, முதல் தடவை எழுதற பெற்றோருக்கும் ஒரு பதில் கிடைக்கும். முகாம் நாட்கள்ல கான்டாக்ட்ஸ் பெட்டியை மட்டும் டிக் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி வகுப்புப் பெற்றோர் எல்லாரோட ஐடியும் உங்க கான்டாக்ட்ஸ்ல ஏறியிருக்கணும், நாப்பது அம்பது பேர்னா ஒரு மணி நேர வேலை, பிப்ரவரியிலயே ஒரு நாள் உட்கார்ந்து முடிச்சுடுங்க.

டெஸ்ட் பண்றதுல ஒரு விஷயம் தெரியலன்னா குழம்பிடுவீங்க. ஜிமெயில் ஒரே ஆளுக்கு ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் அனுப்பாது, முதல் மெயிலுக்கு மட்டும் அனுப்பும், நாலு நாளுக்கு அப்புறமும் அதே ஆள் எழுதுனா மறுபடி ஒண்ணு போகும். மேல சொன்ன அம்மாவோட மூணாவது மெயிலுக்கு ஒண்ணும் வராததுக்கு இதான் காரணம். தங்கச்சியை ரெண்டாவது தடவை அனுப்பச் சொல்லி, பதில் வரலைன்னதும் வேலை செய்யலன்னு முடிவு பண்ணிடாதீங்க. மெசேஜைத் திருத்தி சேவ் பண்ணா கணக்கு புதுசா தொடங்கும், அப்ப அதே ஆளுக்கும் புது பதில் போகும். இதுனால ஒரு தொல்லையும் இருக்கு, டூட்டி நடுவுல ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் போனீங்கன்னா, ஏற்கனவே பதில் வாங்குனவங்க மறுபடி எழுதும்போது அவங்களுக்கு இன்னொண்ணு போகும். அதனால போடறதுக்கு முன்னாடியே வேற யாராவது ஒருத்தரைப் படிக்கச் சொல்லிடுங்க. இன்னொண்ணு, ஸ்பேம்ல விழற மெயிலுக்கு ஆட்டோ ரிப்ளை போகாது. புது ஐடில இருந்து ஒரு போட்டோவை மட்டும் இணைச்சு அனுப்பற பெற்றோரோட மெயில் சில சமயம் அங்கதான் கிடக்கும், சாயங்காலம் பார்க்கும்போது ஸ்பேமையும் ஒரு கண் பார்த்துடுங்க.

நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்கன்னு தெரியும், பெற்றோர் பாதிப் பேர் மெயிலே பார்க்க மாட்டாங்க, வாட்ஸ்அப்லதான் எழுதுவாங்க. சாதா வாட்ஸ்அப்ல ஆட்டோ ரிப்ளை கிடையாது, வாட்ஸ்அப் பிசினஸ்ல `Away message`னு ஒண்ணு இருக்கு, நேரம் போட்டு வைக்கலாம். சில டீச்சர்ஸ் இதுக்காகவே பிசினஸுக்கு மாறியிருக்காங்க. ஆனா அது உங்க போன்ல நெட் இருந்தாத்தான் போகும். தேர்வு அறைக்குள்ள செல் கொண்டு போகக்கூடாது, ஆஃப் பண்ணி வெளிய கொடுத்துட்டுப் போறீங்க, அப்ப அந்த 10 மணில இருந்து 2 மணி வரைக்கும், எந்த நேரத்துக்காக அதைப் போட்டீங்களோ அந்த நேரத்துல அது போகாது. ஜிமெயில் ரிப்ளை கூகுளோட சர்வர்ல இருந்து போறது, உங்க போன் ஆஃப்ல இருந்தாலும் போகும். அதனால வாட்ஸ்அப் குரூப்ல டூட்டி தொடங்கறதுக்கு முந்தின நாளே கீழ இருக்கற மெசேஜை நீங்களே ஒரு தடவை போட்டு அதை பின் பண்ணிடுங்க, அது ஒண்ணு போதும்.

உங்களுக்கு நான் எழுதற மாதிரி இருந்தா ஹால் டூட்டிக்கு இப்படி எழுதுவேன்:

"வணக்கம். மார்ச் மாதத்தில் நான் தேர்வுப் பணியில் இருப்பதால் பகலில் மெயிலும் செல்பேசியும் பார்க்க இயலாது. உங்கள் மெயில் வந்து சேர்ந்துவிட்டது, மாலை 6 மணிக்கு மேல் படித்து அடுத்த நாளுக்குள் பதில் எழுதுகிறேன். ஹால் டிக்கெட் பிழை, தேர்வு நாளில் உடல்நலக் குறைவு போன்றவற்றுக்கு எனக்காகக் காத்திருக்காமல் உடனே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சான்றிதழ்களுக்குப் பள்ளி அலுவலகம், காலை 10 முதல் மாலை 4 வரை, தொலைபேசி: (அலுவலக எண்)."

முகாமுக்கு இதுல மூணு இடத்தை மட்டும் மாத்துங்க. மார்ச்ங்கற வார்த்தையை எடுத்துட்டு "தற்போது தேர்வுப் பணியில் இருப்பதால்"னு போடுங்க, "மாலை 6 மணிக்கு மேல்"ங்கற வாக்கியத்தை "இரண்டு வேலை நாட்களுக்கு ஒருமுறை மெயில் பார்த்து பதில் எழுதுகிறேன்"னு மாத்துங்க, ஹால் டிக்கெட் வரியை எடுத்துடுங்க, அப்ப பரீட்சை முடிஞ்சிருக்கும். அதுக்குப் பதிலா பிளஸ் ஒன் பிள்ளைங்களோட அடுத்த வருஷ புத்தகம், ஸ்கூல் திறக்கற தேதி பத்திக் கேக்கறவங்களுக்கும் அலுவலக நம்பரையே காட்டிடுங்க. உங்க பேருக்குக் கீழ பாடம், எம்எஸ்சி பிஎட்னு வழக்கமா போடற கையெழுத்து வரிகளை ரிப்ளைக்குள்ள டைப் பண்ணிடாதீங்க, பாடம் என்னன்னு அங்க தெரிஞ்சுடும். "வகுப்பு ஆசிரியை, பன்னிரண்டாம் வகுப்பு"ன்னு மட்டும் போதும்.

உங்க செல் நம்பர் போன வருஷ ரிப்ளைல போயிடுச்சு, அது இனிமே திரும்பி வராது. முகாம் நாட்கள்ல கான்டாக்ட்ஸ்ல இல்லாத நம்பர்ல இருந்து வந்தா எடுக்காதீங்க. அப்படியே எடுத்து மார்க் பேச்சு வந்துட்டா, வச்சுட்டு நேரம், நம்பர் ரெண்டையும் ஒரு பேப்பர்ல குறிச்சு அன்னிக்கே முகாம் அலுவலர்கிட்ட சொல்லிடுங்க.